பொத்தானுக்குள் அடங்கும் தமிழ்: கணினி விளையாட்டின் பயிற்சிக் குறிப்புகளை மொழிபெயர்த்தல் பற்றிய ஒரு நோக்கு

மொழிபெயர்ப்புப் பற்றி நம்மிடையே நடைபெற்றுவந்த விவாதங்கள் பெரும்பாலும் காவியம், நாவல், அறிவியல் நூல் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. பக்கம் போதாவிட்டால் இன்னொரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி அவற்றுக்கெல்லாம் உண்டு. அந்த வசதி அறவே இல்லாத ஒரு மொழிபெயர்ப்புத் துறை கடந்த சில ஆண்டுகளாக நம் இளைஞரிடையே உருவாகியிருக்கின்றது. கணினி விளையாட்டுத் தொடங்கும்போது, புதிதாக வந்தவருக்கு எதை அழுத்துவது, எப்படி நகர்வது என்று கற்பிக்கும் சிறு குறிப்புகளைத் தமிழாக்கும் பணியே அது. இக்கட்டுரையில் அத்தகைய ஒரு விளையாட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஏழெட்டு வரிகளை நுணுகி நோக்குவோம்.

நாம் எடுத்துக்கொண்டது மைன்கிராஃப்ட். (ஈழத்து வழக்கில் இப்பெயரை வேறுவிதமாக எழுதுவோர் உண்டு; அந்த விவாதத்தை இங்கு தவிர்க்கிறோம்.) இதன் கணினிப் பதிப்பில் தமிழும் தெரிவுசெய்யக்கூடிய மொழிகளுள் ஒன்று. அதனைத் தமிழாக்குவோர் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கிரவுடின் என்னும் இணையவழித் தளத்தில் தன்னார்வலர் ஒவ்வொரு வரிக்கும் தமக்குத் தோன்றிய தமிழை முன்மொழிகின்றனர், மற்றையோர் வாக்களிக்கின்றனர். விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தை 2014 இல் மைக்ரோசொஃப்ட் 250 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. கூலியற்ற உழைப்பு அத்தகைய மூலதனத்தின் ஒரு மூலையில் எவ்வாறு இணைக்கப்படுகின்றது என்பது தனியே ஆராயத்தக்கது. ஆயினும், தமிழ்ச் சிறுவர் தம் மொழியில் விளையாட வேண்டுமென்ற நியாயமான விருப்பினால் அவ்வுழைப்பு வழங்கப்படுகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர வைத்துக்கொண்டே மேலே செல்கிறோம்.

வாவியின் மேற்குப் புறத்தில், படுவான்கரைக் கிராமமொன்றில், பாடசாலை மாணவர் மூவர் இவ்விளையாட்டை ஒரு பழைய கணினியில் விளையாடுவதை மாணவ நண்பருடன் அமர்ந்து பார்த்தோம். முன்பு விளையாடியவர் ஒருவர். மற்ற இருவரும் புதியவர். நாம் எழுதிய தமிழ் வரிகளை ஒரு சிறு கோப்பாக்கி, விளையாட்டின் இயல்பான தமிழுக்கு மேலாக இட்டு அவர்கள் முன் வைத்தோம். எந்த வரியில் தயங்கினர், எந்த வரியை இருமுறை வாசித்தனர் என்பதைக் குறித்துக்கொண்டோம். மூவரைக் கொண்டு முடிவு கூறலாகாது. ஆனால் தனியே மேசையில் இருந்து எழுதியபோது நமக்குப் புலப்படாத பல குறைகள் அங்கு புலப்பட்டன.

முதலில் இடத்தின் அளவை நோக்குவோம். பயிற்சிக் குறிப்பு திரையின் மேல் வலது மூலையில் ஒரு சிறு பெட்டியாகத் தோன்றும். அதன் அகலம் விளையாட்டின் சொந்த அளவையில் 160 அலகு. இடப்பக்கம் ஒரு சிறு படம் 30 அலகை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 130 அலகு. அதற்குள் தலைப்பாக ஒரு வரியும் அதன் கீழ் விளக்கமாக ஒரு வரியும் இருக்கும். ஆங்கில எழுத்தொன்று பெரும்பாலும் 6 அலகு பெறும். `Open your inventory` என்னும் தலைப்பு 104 அலகில் முடிந்துவிடும். தமிழ் எழுத்துகளோ விளையாட்டின் சொந்த எழுத்துருவில் இல்லை. அவை யூனிஃபொன்ற் என்னும் பொது எழுத்துருவிலிருந்து எடுக்கப்படுகின்றன. அதில் அகன்ற எழுத்தொன்று 8 அலகு வரை செல்லும். அன்றியும் மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகளாகவே கணக்கிடப்படும். மேற்படி தலைப்பை "உங்கள் சரக்கிருப்பைத் திறக்கவும்" என்று எழுதினால், இடைவெளி நீங்கலாக 30 குறியீடுகள் ஆகின்றன. பெட்டி தானாக விரியாத பதிப்புகளில் இது எல்லையைக் கடந்து ஓடும். ஏறக்குறைய 16 அல்லது 18 குறியீடுகளே ஒரு வரிக்கு வசதியானவை என்பது நாம் செய்து பார்த்து அறிந்த வரம்பு. 'எழுத்து' என்று நாம் எண்ணுவதும் பொறி எண்ணுவதும் ஒன்றல்ல என்பதை இத்துறையில் புகுவோர் முதல் நாளிலேயே மனங்கொள்ள வேண்டும். "அழுத்து" நமக்கு நான்கு எழுத்து, பொறிக்கு ஏழு.

இடம் குறுகியதும் எழும் முதல் வினா ஏவலின் வடிவம் பற்றியது. ஆங்கிலத்தில் `Press` என்றால் அது யாருக்கும் பொருந்தும். சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையிலுள்ள சமூக உறவை அச்சொல் காட்டுவதில்லை. தமிழில் அவ்வாறன்று. "அழுத்து" என்பது 7 குறியீடு. ஆனால் அது பெரியவர் சிறுவனுக்கும் போடியார் வயற்காரனுக்கும் இட்ட ஏவலின் வடிவம். "அழுத்துங்கள்" மரியாதை உடையது, 12 குறியீடு. "அழுத்தவும்" அரச அலுவலக அறிவித்தலின் குரல், 10 குறியீடு. எஞ்சியிருப்பது "அழுத்துக" என்னும் வியங்கோள், 8 குறியீடு. வியங்கோள் முற்று ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானது என்பது இலக்கணகாரர் கூற்று. உயர்வு தாழ்வு காட்டாத ஏவல் வடிவம் ஒன்று நம் மொழியில் ஏற்கெனவே இருக்கின்றது. அதுவே குறுகியதாகவும் இருப்பது நமக்கு வாய்த்த நல்லூழ். வழக்கொழிந்த வடிவம் என்று இதனைத் தள்ளுவோர்க்கு ஒன்று கூறலாம்: ஈழத்துப் பாடசாலை மாணவர் "விடை தருக", "விளக்குக" என்று வினாத்தாளில் நாள்தோறும் காண்பது இவ்வடிவத்தையே. படுவான்கரை மாணவருள் ஒருவன் "இது சோதினைத் தாள் மாதிரி இருக்கு" என்று சிரித்ததும் இதனாற்றான். ஆனால் எவரும் பொருள் விளங்காது நிற்கவில்லை.

இனி இடையில் வரும் வெற்றிடக் குறியை நோக்குவோம். மூலவரி `Press %s` என்று இருக்கும். `%s` என்பது பின்னர் நிரப்பப்படும் இடம். விளையாடுபவர் பையைத் திறப்பதற்கு E என்னும் சாவியை வைத்திருந்தால் அங்கு E வரும். அவர் அதனை மாற்றி அமைத்திருந்தால் வேறொன்று வரும். ஆகவே அந்த இடத்தில் வரப்போகும் பெயர் யாது என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டி அறிய முடியாது. ஆங்கிலத்துக்கு இது தடையன்று. தமிழிலோ செயப்படுபொருள் ஐயுருபு ஏற்கும்போது சொல்லின் ஈறு மாறும். "இடைவெளி" என்பது "இடைவெளியை" ஆகும், "பொத்தான்" என்பது "பொத்தானை" ஆகும். `%sஐ அழுத்துக` என்று எழுதினால் "இடைவெளிஐ" என்னும் அலங்கோலம் திரையில் வரும். இதனைத் தவிர்க்கச் சிலர் `%s விசையை அழுத்துக` என்று இடையில் ஒரு பொதுச்சொல்லை நுழைப்பர். சாவிப்பலகை வரையில் அது சரி. நிரப்பப்படுவது சுட்டியின் இடது பொத்தானாயின் "இடது பொத்தான் விசையை அழுத்துக" என்று பொருளற்ற தொடர் பிறக்கும்; இடமும் வீணாகும்.

இச்சிக்கலுக்கு விடை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. "பூப் பறித்தான்", "தண்ணீர் குடித்தான்" என்று நாம் நாளும் உருபின்றிப் பேசுகிறோம். அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. `%s அழுத்துக` என்பதும் அத்தகையதே. எந்தப் பெயர் வந்து புகுந்தாலும் ஈறு கெடாது. அவ்வாறே `Move with %s, %s, %s and %s` என்னும் வரியில் மூன்றாம் வேற்றுமை உருபாகிய ஆல் நான்கு முறை ஒட்டவேண்டியதில்லை. "கொண்டு" என்னும் சொல்லுருபு முன்னுள்ள பெயரை மாற்றாமலே நிற்கும். "W, A, S, D கொண்டு நகர்க" என்று திரையில் வருவதை மூவரும் தடையின்றி வாசித்தனர். ஒன்று மட்டும் கவனித்தற்குரியது. நான்கு `%s` உள்ள வரியில் நான்கும் இருத்தல் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் வலப்புறம் நகரும் சாவி என்னவென்று விளையாடுபவர் அறியார். குறிக்கு நடுவே ஓர் இடைவெளி புகுந்தாலும் வரி நிரப்பப்படாமல் குறிகள் அப்படியே திரையில் தோன்றும். பிழை எங்கே என்பதைக் கண்டுகொள்ள அதுவே எளிய அடையாளம்.

மேற்கூறியவற்றை ஒன்றுசேர்த்தபோது எதிர்பாராத ஓர் இசைவு கிட்டியது. தலைப்பு ஒரு வரி, விளக்கம் ஒரு வரி என்று கூறினோம். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி ஏவல்கள்: பையைத் திற, E அழுத்து. தமிழில் தலைப்பைச் செயவெனெச்சமாக வைத்தால் இரண்டு வரியும் ஒரே வாக்கியமாகின்றன. "பையைத் திறக்க" என்று மேலே. "E அழுத்துக" என்று கீழே. ஒரு வாக்கியம் இரண்டு வரியில் அமைவதனால் கண் தானாகவே கீழே இறங்குகின்றது. குதிரையிலிருந்தோ படகிலிருந்தோ இறங்கும்போது வரும் `Press %1$s to Dismount` என்னும் வரியும் இம்முறையிலேயே அமையும். ஆங்கிலத்தில் குதிரைக்குரிய சொல்லைப் படகுக்கும் வலிந்து ஏற்றியிருக்கிறார்கள். நமக்கு அந்தச் சங்கடமில்லை. குதிரையானாலும் தோணியானாலும் "இறங்கு" என்ற ஒரு சொல்லே பொருந்தும்.

ஆயின் இம்முறை ஓரிடத்தில் நம்மை இடறிவிழ வைத்தது. மரத்தை வெட்டும் பயிற்சியில் `Hold down %s` என்று வரும். அழுத்திவிட்டு விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கருத்து. நாம் முதலில் "%s அழுத்திப் பிடிக்க" என்று எழுதினோம். "பிடிக்க" என்பது வியங்கோள் என்பது நம் எண்ணம். ஆனால் பிடி, திற போன்ற வினைகளில் வியங்கோளும் செயவெனெச்சமும் வடிவத்தால் ஒன்றே. "மரம் தறிக்க / அழுத்திப் பிடிக்க" என்று இரு எச்சங்கள் அடுத்தடுத்து வந்ததும் வாசித்த மாணவி வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று கருதி, மூன்றாவது வரிக்காகக் காத்திருந்தாள். ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள், மரம் விழவில்லை. திருத்தம் பின்வருமாறு அமைந்தது: "%s விடாது அழுத்துக". இதில் 14 குறியீடு, முன்னதில் 16. அதனினும் முக்கியமானது, "அழுத்துக" என்னும் அதே வினை எல்லா வரியிலும் நிற்பது. ஒரு வரியில் அழுத்து, மற்றொன்றில் அமுக்கு, இன்னொன்றில் தட்டு என்று மாறிமாறி வந்தால், அவை வெவ்வேறு செய்கைகள் என்றே புதியவர் கருதுவார். நம் பேச்சு வழக்கிலுள்ள "அமத்து" இவை எல்லாவற்றிலும் உயிருள்ள சொல். வாவியின் இரு கரையிலும் அதுவே வழங்கும். ஆனால் தமிழகத்து வாசகர் அதனை எளிதில் அறியார். ஒரே கோப்பு எல்லாத் தமிழர்க்கும் போகும் நிலையில் அதனை விட்டுக்கொடுத்தோம், மனமில்லாமலே.

கோப்பில் இவ்வரிகள் இவ்வாறு அமைகின்றன:

```
"tutorial.open_inventory.title": "பையைத் திறக்க",
"tutorial.open_inventory.description": "%s அழுத்துக",
"tutorial.punch_tree.title": "மரம் தறிக்க",
"tutorial.punch_tree.description": "%s விடாது அழுத்துக",
"mount.onboard": "இறங்க %1$s அழுத்துக"
```

இரண்டு சொற்களுக்கு விளக்கம் தேவை. `inventory` என்பதற்குச் "சரக்கு" என்று எழுதும் எண்ணம் பலர்க்கும் தோன்றும். குறுகிய சொல்லும் ஆகும். அரசியற் பொருளாதாரம் கற்றோர் அதனை ஏற்கத் தயங்குவர். விளையாடுபவன் தோண்டியதும் தறித்ததும் அவன் தன் பயன்பாட்டுக்காகத் திரட்டியவை. பரிமாற்றத்துக்கு வராதவரை அவை சரக்கு அல்ல. அது வணிகனின் கண்கொண்டு பார்த்த சொல். "பை" என்பது தோளில் தொங்குவது. அதற்குள் என்ன இருந்தாலும் பைதான். இரண்டே குறியீடு. இங்கு கோட்பாடும் இடநெருக்கடியும் ஒரே திசையில் நம்மைத் தள்ளின. எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை.

மற்றது "தறிக்க". மூலத்தில் `Destroy the tree` என்றிருக்கின்றது. படுவான்கரையில் காடு திருத்தி வயலாக்கிய தலைமுறைகளின் மொழியில் மரத்தைத் தறிப்பார்கள். "அழி" என்று எவரும் சொல்லார். தமிழகத்தில் "தறி" என்றவுடன் நெசவுத் தறியே நினைவுக்கு வரும். அங்கு "வெட்டு" என்பர். விளையாட்டில் தமிழுக்கு உள்ள கோப்பு `ta_in` என்னும் பெயருடையது. மொழிப் பட்டியலில் நாட்டின் பெயர் இந்தியா என்றே வரும். இலங்கைத் தமிழுக்கெனத் தனிக் கோப்பு இல்லை. வாக்களிப்பினால் சொல் தீர்மானிக்கப்படும் இடத்தில், எண்ணிக்கையிற் குறைந்தோர் வழக்கு தோற்பது எதிர்பார்க்கத்தக்கதே. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அதன் பின்னரும் இரு கரையின் கலைச்சொற்கள் வேறு வேறாகவே வளர்ந்தன. நம் பாடநூலில் கதி என்பது தமிழகத்தில் வேகம். நம் வேகம் அங்கு திசைவேகம். "விரைந்து ஓடு" என்னும் பொருளுள்ள கட்டளைக்குச் சொல் தேடும்போது இவ்வேறுபாடு வெறும் நூலகச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. "மரம் வெட்ட" என்று எழுதினால் ஈழத்தவர்க்கும் விளங்கும். "மரம் தறிக்க" என்று எழுதினால் தமிழகத்தவர் பலர்க்கு விளங்காது. பொதுக் கோப்புக்கு "வெட்ட" என்பதையே நாம் முன்மொழிவோம். நம் பாடசாலைகளுக்கென்று தனியே இடும் கோப்பில் "தறிக்க" என்பதை வைத்துக்கொள்வோம்.

கைப்பிடிக் கருவி கொண்டு விளையாடும் வேறு விளையாட்டுகளைத் தமிழாக்குவோர்க்கு இன்னொரு நெருக்கடி உண்டு. அக்கருவியில் பொத்தான், சுட்டுவிரலால் இழுக்கும் விசை, பெருவிரலால் தள்ளும் கோல் என்று மூவகை உறுப்புகள் இருக்கும். "விசை" என்பது துப்பாக்கியின் விசையை நினைவூட்டுவதால் இரண்டாவதற்கு மிகப் பொருத்தமானது. ஆனால் விசைப்பலகை என்று வழங்குவோர் அதே சொல்லைச் சாவிப்பலகையின் ஒவ்வொரு சாவிக்கும் செலவிட்டுவிட்டனர்; பௌதிகப் பாடநூல் அதனை இன்னொரு பொருளுக்கு எடுத்துக்கொண்டுள்ளது. இங்கு ஈழத்து வழக்கு ஒரு வழியைத் திறக்கின்றது. பூட்டைத் திறப்பதை நாம் "திறப்பு" என்கிறோம். ஆகவே "சாவி" நமக்கு ஓய்வாக இருக்கும் சொல். சாவிப்பலகையில் உள்ளது சாவி, சுட்டியிலும் கருவியிலும் அமுங்குவது பொத்தான், இழுபடுவது விசை, சாய்வது கோல் என்று ஒருமுறை வகுத்துக்கொண்டால் பின்னர் எங்கும் பிறழ வேண்டியதில்லை. A என்னும் பொத்தான் ஒரு நிறுவனத்தின் கருவியில் கீழேயும் இன்னொன்றில் வலப்புறத்திலும் இருப்பதால், "கீழ்ப் பொத்தான்" என்று இடம் சுட்டி எழுதுவது கூடாது. கருவியிற் பொறித்துள்ள எழுத்தையே எழுதவேண்டும்.

பட்டியலில் வரும் பெயர்களுக்கும் குறிப்பில் வரும் ஏவலுக்கும் உள்ள உறவையும் சுருக்கமாகக் கூறலாம். கட்டுப்பாட்டுப் பட்டியலில் `Jump` என்று ஒரு செயற்பெயர். பயிற்சிக் குறிப்பில் `Jump with %s`. பட்டியலில் "குதி" என்று வெறும் பகுதியை இடுகிறோம். அதனை ஏவல் என்று கொள்ளத் தேவையில்லை; முதனிலைத் தொழிற்பெயராகவே கொள்ளலாம். குறிப்பில் "குதிக்க %s" என்று வரும். பகுதி இரண்டிலும் மாறாது நிற்பதால், பட்டியலில் எதைத் தேடுவது என்று மாணவருக்குத் தெரிந்தது.

இவ்வளவும் நம் கைக்கு எட்டியவை. எட்டாத ஒன்றும் உண்டு. நாம் பார்த்த பதிப்புகளில் இவ்விளையாட்டு அரபு எழுத்தை இணைத்து எழுத அறிந்திருக்கின்றது. தமிழை அவ்வாறு கோத்து எழுத அறியவில்லை. குறியீடுகளை அவை வரும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைக்கின்றது. ஆகவே எழுத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பும் ஐகாரக் குறியும் பின்னே சென்று அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. "தேடுக" என்று எழுதியதை மாணவன் "தடேக" என்று வாசித்தான். கோப்பில் பிழையில்லை, கோப்பைச் சாதாரண எழுதுகருவியில் திறந்தால் சரியாகவே தெரியும். பிழை வரைபொறியிலா மொழிபெயர்ப்பிலா என்று பிரித்தறிய இதுவே வழி. பழைய தட்டச்சுப் பொறியில் அமர்ந்தவர்கள் கொம்பை முன்னரே தட்டிவிட்டு எழுத்தைப் பின்னர் தட்டினர்; சிலர் அதே தந்திரத்தை இங்கும் கையாளலாம் என்பர். செய்தால் இன்று கண்ணுக்குச் சரியாகும்; நாளை பொறி திருத்தப்படும் அன்று அவ்வரிகள் அனைத்தும் சிதையும். அதனை நாம் ஏற்கவில்லை.

வேறொரு வழி, கொம்பு வராத சொற்களைத் தெரிவது. "இறங்க", "குதிக்க", "தறிக்க", "விடாது அழுத்துக" என்பன எவ்வகையிலும் சிதையவில்லை. "மரம் தேடுக" என்பதை "மரம் காண்க" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அது நட்டமில்லாத மாற்றம். ஆனால் "பை" அப்படியன்று. அதற்கீடாகக் கொம்பில்லாத ஒரு சொல்லைத் தேடி "மூட்டை", "பொதி", "கூடை" என்று எண்ணிப் பார்த்தோம். எல்லாம் அதே நோயுடையன. "சரக்கு" ஒன்றே சிதையாது நின்றது! பொறியின் குறையினால் பொருளைத் திரிக்க மனமில்லாமல் "பை" என்பதையே வைத்தோம். மாணவர் முதல் முறை தடுமாறினர். அருகிலிருந்த படத்தைப் பார்த்துப் பொருளை ஊகித்தனர். இரண்டாம் முறை தடுமாறவில்லை.

சுட்டியின் இடது பொத்தானுக்குரிய பெயர் இன்னும் தீரவில்லை. "இடது பொத்தான் விடாது அழுத்துக" என்பது 26 குறியீடு, பெட்டிக்குள் அடங்காது. "இடது" என்று மட்டும் எழுதினால் பட்டியலில் இடது அம்புச் சாவியோடும் இடப்புறம் நகர்தலோடும் மயங்கும். "இடச்சுட்டி" என்று ஒரு மாணவர் முன்மொழிந்தார். "வலச்சுட்டி" என்பதும் அதனோடு இயைந்து வரும். அதனை அடுத்த கோப்பில் இட்டு, இம்முறை எழுவான்கரைச் சிறுவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்க்க எண்ணியுள்ளோம்.